அந்தச் சின்ன ‘அ’வை விரலால் மறையுங்கள்

வணக்கம் ஐயா. தரம் 10 பிள்ளைகளுக்கு அளபெடை படிப்பிக்கிறேன். ‘தொழாஅள்’ செய்யுளிசை, ‘கெடுப்பதூஉம்’ இன்னிசை என்று பாடமாக்கி எழுதிவிடுகிறார்கள். “ரெண்டும் நீட்டல்தானே ரீச்சர், எப்படிப் பிரிக்கிறது?” என்று ஒரு பிள்ளை கேட்டது. கூத்தில் அண்ணாவியார் இழுத்துப் பாடுவதும் அளபெடையா என்று இன்னொரு பிள்ளை. இரண்டுக்கும் என்னிடம் தெளிவான பதில் இல்லை.
– ஓர் ஆசிரியை, திருக்கோவில்

அன்புள்ள ரீச்சர்,

கரும்பலகையில் ‘தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள்’ என்று எழுதுங்கள். அந்த ‘அ’வை விரலால் மறைத்துவிட்டு அலகிடச் சொல்லுங்கள். ‘தொழாள்’ என்பது ஒரே ஒரு நிரையசை. ஓரசைச் சீர் வெண்பாவில் கடைசியில் மட்டுந்தான் நிற்கலாம். இதே குறளின் முடிவில் ‘மழை’ அப்படித்தான் தனி நிரையாக நிற்கிறது. அடியின் நடுவில் அதற்கு இடமில்லை. விரலை எடுத்தால் தொழா/அள், நிரை நேர், புளிமா. அடுத்த சீர் ‘கொழுநன்’ நிரையில் தொடங்குகிறது. மாமுன் நிரை வந்து தளை பொருந்துகிறது. ஆக அந்த ‘அ’ இல்லாவிட்டால் பாட்டு உடைகிறது. நன்னூல் ‘இசைகெடின்’ என்று தொடங்குவது இதைத்தான்.

இப்போது ‘கெடுப்பதூஉம் கெட்டார்க்கு’. இங்கே ‘உ’வை மறைத்தால் போதாது, ‘தூ’வையும் பழைய ‘து’ ஆக்க வேண்டும். ஏனென்றால் இயல்பான சொல் ‘கெடுப்பதும்’. அது கெடுப்/பதும், கருவிளம். அடுத்து ‘கெட்’ என்ற நேர். விளமுன் நேர் வெண்டளைதான், ஒன்றும் உடையவில்லை. வள்ளுவர் குறிலை நெடிலாக்கி, அதையும் அளபெடுக்க வைத்து, ஈரசைச் சீரை மூவசைக் காய்ச்சீராக்கியது முழுக்க ஓசை இனிமைக்காக. அதனால் இது இன்னிசை. ‘தழீஇ’, ‘நசைஇ’ போன்றவற்றைப் பிள்ளைகள் இதோடு குழப்புவார்கள். ‘குடிதழீஇக்’ என்ற இடத்தில் ‘குடிதழுவிக்’ என்று போட்டுப் பாருங்கள், அலகு அப்படியே இருக்கும். அங்கே அளபெடையின் வேலை சொல்லை வினையெச்சமாக்குவது; அது சொல்லிசை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் 1200ஆவது குறள்.

உறாஅர்க் குறுநோய் உரைப்பாய் கடலைச்
செறாஅஅய் வாழிய நெஞ்சு.

அன்பில்லாதவரிடம் போய் உன் நோயைச் சொல்கிறாயே நெஞ்சே, அதைவிடக் கடலைத் தூர்த்துவிடு என்கிறாள் தலைவி. முதற்சீரில் ஓர் ‘அ’ போதும்: உறா/அர்க், புளிமா, அடுத்து ‘குறு’ என்ற நிரை. இரண்டாம் அடியிலும் ஓர் ‘அ’ மட்டும் போட்டுப் பாருங்கள். ‘செறாஅய்’ புளிமா, ஆனால் அடுத்து வருவது ‘வாழிய’, நேரில் தொடங்கும் சொல். மாமுன் நேர் ஆசிரியத்தளை, வெண்பாவுக்கு ஆகாது. இன்னும் ஓர் ‘அ’ வந்ததும் செறா/அ/அய், புளிமாங்காய். காய்முன் நேர், சரியாகிவிட்டது. நெடிலுக்கு 2 மாத்திரை, ஓர் அளபெடையோடு 3, இங்கே 4. தளை கேட்டதால் நீண்டதுதான். ஆனாலும் கல்லடிக் கடற்கரையில் நின்று இதை வாய்விட்டுச் சொன்னால், தூர்க்க முடியாத கடலின் நீளம் அந்த ஒரு சொல்லில் கிடக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு ஒன்றில் திதி வெண்பா படித்தேன். ‘மகன்’ ஓரசையாக நிற்க, சீரை நிரப்ப ‘மகஅன்’ என்று அச்சாகியிருந்தது. ‘க’ குறில், குறில் அளபெடுக்காது. நெடில் ஏழுமே அளபெடுக்கும், பக்கத்தில் வரும் இனக்குறில் அதற்கு அடையாளம். ‘மகனே’ என்றாலே புளிமா கிடைத்திருக்கும். இறந்தவரின் பெயரோடு வீட்டில் காலத்துக்கும் இருக்கப்போகிற பாட்டு என்பதால் மனம் கஷ்டப்பட்டது.

அப்புறம் கூத்து. களரியில் மத்தளம் ஒரு தட்டை முடிக்குமட்டும் அண்ணாவியார் ‘வந்தாரே’ என்பதை ‘வந்தாஆஆரே’ என்று இழுக்கிறார். கொப்பியைத் திறந்தால் ‘வந்தாரே’ என்றுதான் இருக்கும். வேறொருவர் ‘ரே’யை இழுப்பார், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. அது தாளத்தை நிரப்பும் குரல், யாப்பில் கணக்கில்லை. ‘தொழாஅள்’ அப்படி இல்லை. பாடாமல் வாசித்தாலும் அந்த ‘அ’ ஓர் அசை. ‘நீட்டம் வேண்டின் அவ்வளபுடைய கூட்டி எழூஉதல்’ என்கிறது தொல்காப்பியம். பாடுகிறவர் தொண்டையில் செய்வதைப் புலவர் எழுத்திலேயே கூட்டிவிடுகிறார். அந்த ‘எழூஉதல்’ என்ற சொல்லிலேயே ஓர் அளபெடை இருக்கிறது. கேள்வி கேட்ட பிள்ளையிடம் அதைக் காட்டுங்கள்.