பதவி இறங்கியதைச் சுயகுறிப்பில் எழுதுவது எப்படி?

"ஸ்கூல்ல துணை முதல்வரா இருந்துட்டு இப்போ மறுபடியும் டீச்சர். பயோவில் இதை எப்படிப் போடுறது?"

பயோ என்பது நீங்கள் யார், என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொல்லும் நாலைந்து வரி. வேலை விண்ணப்பம் வேறு, அதில் பதவிகளைத் தேதியோடு வரிசையாகக் கொடுக்க வேண்டும்.

இறக்கம் கண்ணில் படுவதே இரண்டு பதவிப் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதுதான். மார்த்தாண்டத்தில் ஒரு ஆசிரியை "முன்னாள் துணை முதல்வர் (2020–2023), தற்போது வேதியியல் ஆசிரியை" என்று எழுதியிருந்தார், படிக்கிறவர் உடனே 2023-இல் என்ன ஆச்சு என்றுதான் யோசிப்பார். நான் மாற்றச் சொன்னது இப்படி: "14 ஆண்டுகளாகப் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். தேர்வு அட்டவணை, ஆசிரியர் பணிப்பங்கீடு உட்படப் பள்ளி நிர்வாகத்தையும் கவனித்திருக்கிறேன்." பதவிப் பெயர் போய், செய்த வேலை வந்துவிட்டது, வருடங்களும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. 'முன்னாள்', 'தற்போது' இரண்டையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள், கேள்வியைக் கிளப்புவது அவைதான்.

கல்யாண வீட்டில் "இவங்க கெமிஸ்ட்ரி டீச்சர்" என்றுதானே அறிமுகப்படுத்துகிறோம், பதவி வரலாற்றையா சொல்கிறோம்?

இது மறைப்பது என்று பலர் பயப்படுகிறார்கள். பழைய பதவியை இன்னும் வகிப்பதுபோல் எழுதினால்தான் பொய், பயோவில் அதன் பெயரைச் சொல்லாமல் விடுவது பொய்யில்லை, நேர்முகத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடலாம்.