நாலரை மணி டியூப் லைட்

அன்புள்ள அக்கா,

நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் செகண்ட் ஷிப்ட். வீடு வந்து சேர ராத்திரி ஒன்றேகால் ஆகிவிடும். வீடு ஒரே ரூம், பத்துக்குப் பன்னிரண்டு. அம்மா, பள்ளிக்கூடம் போகும் தங்கை, நான். அம்மா தெருமுனையில் இட்லிக் கடை போடுகிறார். நாலரைக்கு டியூப் லைட் எரியும், அப்புறம் பாத்திரம், மிக்சி. தலையோடு போர்த்திப் படுத்தாலும் தூக்கம் கலைந்துவிடுகிறது. மாடியில் கொசு. போன வாரம் அம்மாவைக் கத்திவிட்டேன். அந்தக் கடை வருமானத்தில்தான் ஐ.டி.ஐ. படித்தேன். என்ன செய்வது?

– ஒரு வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள தம்பி,

திருவல்லிக்கேணியில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவள் நான். ஒரே அறை, ஆறு பேர். அப்பா அச்சகத்தில் இரவு வேலை பார்த்து விடிகாலையில் வந்து படுப்பார். அவர் கண் அசரும் நேரத்தில்தான் முற்றத்துக் குழாயில் தண்ணீர் வரும். காலிப் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா பழைய வேட்டியிலிருந்து ஒரு முழத் துணி கிழித்துக் குழாய் வாயில் கட்டி, அதன் நுனி பக்கெட்டின் அடியைத் தொடும்படி விட்டிருந்தாள். தண்ணீர் துணியோடு வழிந்து இறங்கும். பக்கெட் நிரம்புவதே தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவை அதைத் துவைத்துப்போடுவது என் வேலை.

அம்மா கண்டுபிடித்தது இவ்வளவுதான்: தூங்குகிறவரை எழுப்புவது திடீர்ச் சத்தம். மணிக்கணக்கில் ஒரே மாதிரி ஓடும் ஃபேன் சத்தத்தில் எல்லோரும் தூங்குகிறோம். கரண்ட் போய் அது நின்றால்தான் விழித்துக்கொள்கிறோம். அதனால் டேபிள் ஃபேன் இருந்தால் உங்கள் தலைமாட்டில், காது ஓரமாகக் காற்று போகும்படி வையுங்கள். டம்ளர் விழும் சத்தம் அதே சத்தம்தான். ஆனால் நிசப்தத்தில் விழும்போது இருக்கும் வீச்சு ஃபேன் இரைச்சலுக்கு நடுவில் இருக்காது.

நாலரை மணி ஏன் இவ்வளவு படுத்துகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி, படுத்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்துவிடும். அப்போது பக்கத்தில் அண்டா உருண்டாலும் புரண்டு படுப்பீர்கள். பிற்பகுதி லேசான தூக்கமும் கனவும்தான். அப்போது தட்டு உரசினாலே போதும். ஒன்றேமுக்காலுக்குக் கண்ணை மூடுகிற உங்களுக்கு நாலரை என்பது சரியாக இந்த இரண்டும் மாறுகிற இடம். சத்தம் அதே சத்தம், உங்கள் தூக்கம்தான் மெலிந்திருக்கிறது.

வெளிச்சத்துக்கு வருவோம். கண் இமை முழுத் திரை இல்லை, கொஞ்சம் வெளிச்சத்தை உள்ளே விடும். பாயில் மல்லாந்து படுத்தவருக்குச் சுவர் உச்சியில் இருக்கும் டியூப் லைட் நேராகக் கண்ணில் விழும். ஒரு சோதனை செய்யுங்கள். லைட் எரியும்போது படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, முகத்துக்கு மேலே கையை ஆட்டுங்கள். நிழல் அசைவது தெரிந்தால் வெளிச்சம் உள்ளே வருகிறது. கறுப்பு அல்லது கருநீலப் பருத்தித் துணியை நான்காக மடித்துக் கண்மேல் போட்டுத் திரும்பவும் ஆட்டுங்கள். நிழல் தெரியாத வரைக்கும் மடிப்பைக் கூட்டுங்கள். தலையோடு போர்த்துவது வேண்டாம். விட்ட மூச்சையே திரும்ப இழுத்துப் புழுங்கி, அதிலேயே விழிப்பு வந்துவிடும். அம்மாவுக்கு அடுப்புக்கு மேலே பலகையின் அடியில் ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு போட்டுக்கொடுங்கள். இட்லித் தட்டுக்கு வெளிச்சம் வேண்டும், அறைக்கு வேண்டாம்.

மிக்சி மட்டும் மசியாது. சட்னியை ராத்திரியே அரைத்து வைக்கச் சொல்லாதீர்கள். சென்னை வெக்கையில் தேங்காய்ச் சட்னி காலைக்குள் புளித்துவிடும், வாடிக்கை போய்விடும். பொட்டுக்கடலையைப் பகலிலேயே பொடித்து வைக்கலாம். மற்றதை நாலரையிலிருந்து நாலு தடவை ஓட்டாமல், கிளம்புவதற்கு முன் ஒரே மூச்சில் அரைக்க முடியுமா என்று கேளுங்கள். பழைய ரப்பர் செருப்பை வெட்டி மிக்சியின் நாலு காலுக்கும் அடியில் கொடுத்தால் மேடையோடு சேர்ந்து அதிர்வது குறையும். மடித்த துணியை அடியில் போடாதீர்கள், காற்று போகும் ஓட்டை அடைபட்டு மோட்டார் சூடேறும்.

காதுக்கு, உங்கள் கம்பெனியில் சத்தமான இடத்தில் நிற்பவர்களுக்குக் கொடுக்கும் ஸ்பாஞ்ச் அடைப்பான் இருக்குமே, அதில் புதிதாக ஒரு ஜோடி வேண்டும். ஷிப்டில் போட்ட அழுக்கு ஜோடி ஆகாது. கையைக் கழுவி, விரலில் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு செருகி, அது விரியும் வரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இழுக்காமல் வாசலிலேயே செருகிவிட்டு உபயோகமில்லை என்கிறார்கள். பேசிப் பார்த்தால் உங்கள் குரல் மண்டைக்குள் கேட்க வேண்டும், அப்போதுதான் சரியாக உட்கார்ந்திருக்கிறது. காதில் வலியோ சீழோ இருந்தால் இதைத் தொடாதீர்கள். மிக்சி அப்போதும் கேட்கும், தூரத்தில் ஓடுகிற மாதிரி.

இவ்வளவும் செய்தால் ஆறு மணி வரைக்கும் இழுக்கலாம் என்று நினைக்கிறேன். நாலேகால் மணி நேரம், போதாது. மீதியை எட்டு மணிக்கு எடுங்கள். தங்கை பள்ளிக்கூடம் போயிருப்பாள், அம்மா தெருமுனையில் இருப்பார். நாள் முழுக்க அந்த அறை உங்களுக்கு மட்டும் சொந்தமாகக் கிடைக்கும் நேரம் அதுதான், அதைப் போனில் கரைக்காதீர்கள். ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். அதற்காக ஆறு மணி டீயைத் தள்ளிப்போட வேண்டும். குடித்த டீ எட்டு மணிக்கு இன்னும் உடம்பில் பாதிக்கு மேல் இருக்கும். எழுந்த பிறகு குடியுங்கள். கடை முடிந்து வரும் அம்மாவிடம் பாத்திரம் கழுவுவதைப் பத்து மணிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வார லீவிலும் இந்த இரண்டு நேரத்தையும் மாற்றாதீர்கள். ஷிப்ட் மாறும் வாரத்தில் எல்லாம் குலையும், அதற்கு என்னிடம் வழி இல்லை.

மாடியை விடுங்கள். கொசுவலை கட்டினாலும் ஐந்தரைக்குக் காக்கா கத்தும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி என்றால் பேச்சே வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஒன்று இல்லை. ஒன்றேகாலுக்கு உங்களுக்குக் கதவு திறப்பது யார்? உள்தாழ்ப்பாள் என்றால் அம்மாதான். திறந்துவிட்டு, சோறு போட்டு, நீங்கள் படுத்த பிறகு அவர் படுத்தால் அவருக்கும் பாதியில் அறுந்த தூக்கம்தான், மறுபடி கண் அசருவதற்குள் நாலரை. வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு ஒன்று வாங்கி மாட்டுங்கள். சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். நீங்களும் டியூப் லைட் போடாமல், போன் டார்ச்சைத் தரையைப் பார்க்க வைத்துச் சாப்பிடுங்கள். தட்டைக் காலையில் கழுவிக்கொள்ளலாம்.