மூன்று தட்டுகளும் ஒரே கட்டணமும்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அப்பா சிறு தேயிலை விவசாயி. மின்னணுவியலில் பி.இ. முடித்திருக்கிறேன், சி.ஜி.பி.ஏ. 8.1. ஜெர்மனியில் ஆங்கில வழி முதுகலைக்கு விண்ணப்பிக்க என் பட்டம் உண்மையானது என்று உறுதி செய்யும் ஏ.பி.எஸ். சான்றிதழும், ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணும் கையில் உள்ளன. விண்ணப்பக் கட்டணத்துக்கு மிச்சமிருப்பது 25,000 ரூபாய்தான். பன்னிரண்டு பல்கலைக்கழகங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்பது, பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பெற்றுச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க வேண்டியவை: தரவரிசையைப் பார்த்து மூன்றைப் பெரிய ஆசை என்றும், மூன்றை நடக்கக்கூடியது என்றும், மூன்றைப் பாதுகாப்பானது என்றும் பிரித்தேன். மற்ற மூன்றும் கட்டணமில்லாமல் நேரடியாக விண்ணப்பிக்கக்கூடியவை. எதை வெட்டுவது என்று தெரியவில்லை. பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கட்டணமில்லாத மூன்றையும் எந்த யோசனையும் இன்றி அனுப்பிவிடுங்கள். அவை உங்கள் பணத்தைத் தொடுவதில்லை. கணக்குப் போட வேண்டியது யூனி-அசிஸ்ட் வழியாகச் செல்பவற்றுக்குத்தான். அங்கே ஒரு பருவத்தின் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்து அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆறு விண்ணப்பங்களுக்கு 225 யூரோ, அதாவது 22,500 ரூபாய் ஆகும். கார்டில் கட்டும்போது வங்கி எடுத்துக்கொள்ளும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்தால் ஏழாவதற்கு இடமில்லை. ஆகவே ஒன்பதை ஆறாக்க வேண்டும்.

நீங்கள் பிரித்த விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. தரவரிசை அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்கிறதே தவிர, உங்களை அவர்கள் எடுத்துக்கொள்வார்களா என்பதைச் சொல்வதில்லை. ஜெர்மனியில் அதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இரண்டு: அவர்கள் கேட்கும் பாடங்கள் போதிய அளவில் உங்களிடம் உள்ளனவா என்பது முதலாவது, இடங்கள் எண்ணிக்கையில் கட்டுப்படுத்தப்பட்டவையா என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் பார்த்துத்தான் தட்டுகளைப் பிரிக்க வேண்டும்.

முதலாவதை உங்கள் மதிப்பெண் பட்டியலிலேயே செய்து காட்டுகிறேன். உங்கள் நான்காண்டுப் படிப்பின் மொத்தம் 165 கிரெடிட். ஐரோப்பிய அளவில் ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட் என்பதால் நான்காண்டுக்கு 240; எனவே உங்கள் ஒரு கிரெடிட் தோராயமாக அவர்களுடைய 1.45 ஆகிறது. உங்களிடம் கணிதத் தாள்கள் மூன்று, ஒவ்வொன்றும் 4 கிரெடிட், ஆக 12. அதை மாற்றினால் சுமார் 17.5 வரும். நீங்கள் "பாதுகாப்பானது" என்று குறித்த மூன்றில் இரண்டு, சேர்க்கை விதிமுறையில் கணிதத்துக்குக் குறைந்தது 20 ஐரோப்பிய கிரெடிட் கேட்கின்றன. பெயர் அதிகம் கேள்விப்படாத சிறு நகரத்துப் பல்கலைக்கழகம் என்பதால் எளிதில் இடம் கிடைக்கும் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் உங்கள் 8.1 என்ற எண்ணை யாரும் பார்ப்பதற்கு முன்பே அந்த விண்ணப்பங்கள் நின்றுவிடும், கட்டிய கட்டணமும் திரும்ப வராது. சில துறைகள் வேறு விதமாகவும் கிரெடிட்டை மாற்றுவதுண்டு. சிக்னல் தொடர்பான தாள்களில் உள்ள கணிதத்தையும் சில இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள். எனவே பாடத்திட்டத்தை இணைத்து அந்தப் படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். தெளிவான "ஆம்" வராதவரை அந்த இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது மதிப்பெண். பல பல்கலைக்கழகங்கள் பவேரியச் சூத்திரம் என்று சொல்லப்படும் முறையில் நம்முடைய சராசரியை ஜெர்மன் தரமாக மாற்றுகின்றன. அங்கே 1 மிகச் சிறந்தது, 4 வெறும் தேர்ச்சி.

1 + 3 × (10 − 8.1) ÷ (10 − 5) = 2.14

வகுக்கும் இடத்திலுள்ள 5, உங்கள் சான்றிதழில் உள்ள குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளி. அதை 4 என்று எடுத்துக்கொள்ளும் ஒரு பல்கலைக்கழகத்தில் உங்கள் தரம் 1.95 ஆகிவிடும். சென்ற ஆண்டு 2.0 வரை எடுத்தார்கள் என்றால், இந்த ஒரு எண்ணே உங்களை உள்ளேயோ வெளியிலோ நிறுத்தப் போதும். ஆகவே குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளி தெளிவாக அச்சாகியிருக்கும் மதிப்பெண் விளக்கப் பக்கத்தை மறக்காமல் இணையுங்கள்.

இப்போது 2.1 என்று வைத்துக்கொண்டு பார்த்தால், கடந்த சேர்க்கைகளில் 2.0 அல்லது அதைவிடச் சிறந்த தரத்தோடு முடித்தவையும், தகுதி மதிப்பீட்டுப் புள்ளிகளால் வடிகட்டுபவையும் பெரிய ஆசை. 2.3 முதல் 2.6 வரை எடுத்தவை நடக்கக்கூடியவை. பாதுகாப்பானவை என்று நான் ஒப்புக்கொள்வது, இட எண்ணிக்கைக் கட்டுப்பாடே இல்லாத படிப்புகளை மட்டும்தான். படிப்பின் பக்கத்தில் zulassungsfrei என்று இருந்தால், நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு என்று பொருள். Hochschulkompass என்ற இணையதளத்தில் இந்த அடிப்படையில் வடிகட்டித் தேடலாம். ஆனால் அந்த நிலை பருவத்துக்குப் பருவம் மாறக்கூடும் என்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் பருவத்துக்கு அது பொருந்துகிறதா என்று பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெரிய ஆசை மூன்றில் ஒன்றை மட்டும் வையுங்கள். உங்களுடைய மூன்றுமே ஏறக்குறைய ஒரே அளவுகோலில் ஆள் எடுப்பவை; ஒன்று மறுக்கும் காரணத்துக்காகவே மற்ற இரண்டும் மறுக்கும், எனவே மூன்று முறை கட்டினாலும் மூன்று தனித்தனி வாய்ப்புகள் ஆகாது. அவற்றில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை நானே எடுத்துவிடச் சொல்வேன். 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேரும் முதுகலை மாணவர்களுக்கு ஒரு பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கல்விக் கட்டணம். இடம் கிடைத்தாலும் சேர முடியாத ஒன்றுக்கு 30 யூரோ செலவழிப்பது வீண். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ. அதை வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

நடக்கக்கூடியவை மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். முடிவு இருபக்கமும் சாயக்கூடிய இடம் அதுதான் என்பதால், கூடுதலாகக் கட்டும் 30 யூரோவுக்கு அங்கேதான் உண்மையான பலன் இருக்கிறது. ஒன்று மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறது, மற்றொன்று நோக்கக் கடிதத்துக்கும் மதிப்பளிக்கிறது, மூன்றாவது குறிப்பிட்ட பாடங்களுக்குத் தனிப் புள்ளி தருகிறது; இந்த வேறுபாடு உங்களுக்கு நல்லது. பாதுகாப்பானவற்றில் எஞ்சிய ஒன்றோடு, கட்டுப்பாடில்லாத இன்னொன்றைத் தேடிச் சேருங்கள். இடம் வந்தால் மனமுவந்து சேரக்கூடியதாக அது இருக்க வேண்டும். ஒன்று, மூன்று, இரண்டு என்று ஆறு வந்துவிட்டது.

ஆறுக்கும் ஒரே நாளில் பணம் கட்டாதீர்கள். யூனி-அசிஸ்ட் உங்கள் ஆவணங்கள் முறையாக உள்ளனவா என்றுதான் பார்க்கிறது. பணம் வந்து சேர்ந்த பிறகே பார்க்கத் தொடங்கும், அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். முதலில் பாதுகாப்பான ஒன்றுக்கும் நடக்கக்கூடிய ஒன்றுக்கும் 105 யூரோ கட்டி அனுப்புங்கள். சான்றிதழில் ஒரு பக்கம் விடுபட்டது, மதிப்பெண் விளக்கம் இல்லை என்பது போன்ற குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அதைத் திருத்திய பிறகு மற்ற நான்கையும் அதே பருவத்துக்குத் தலா 30 யூரோவில் அனுப்பலாம். இலைப் பணம் மாதாமாதம் வரும் உங்கள் வீட்டுக்கும் இரண்டு தவணை வசதியாக இருக்கும். குளிர்காலப் பருவத்துக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள் என்றாலும், வெளிநாட்டு மாணவர்களுக்கு மே 31, ஏன் மார்ச் 15 என்றுகூட வைத்திருக்கும் படிப்புகள் உள்ளன. உங்கள் ஆறில் மிக முந்திய கடைசி நாளுக்கு எட்டு வாரம் முன்பாவது முதல் தவணையைக் கட்டிவிடுங்கள்.