ஒரு பல் போதாது

அன்புள்ள ஐயா,

நான் தடயவியல் படிக்கும் மாணவி. அணுகுண்டுச் சோதனைகளின் கார்பன் பல் எனாமலில் பதிந்திருப்பதால், அடையாளம் தெரியாத ஒருவரின் பிறந்த ஆண்டைச் சொல்லிவிடலாம் என்று வகுப்பில் கேட்டேன். அந்தக் கதிரியக்கம் நமக்குத் தீங்கு செய்யாதா? இத்தனை ஆண்டுகளில் அது சிதைந்து தீர்ந்திருக்காதா? ஒரே ஒரு பல் கிடைத்தாலும் போதும் என்கிறார்களே, உண்மையா?

தே., திருச்சி

அன்புள்ள தே.,

தீங்கைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். இயற்கையிலேயே லட்சம் கோடி கார்பன் அணுக்களில் ஏறத்தாழ ஒன்று கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன். சோதனைகள் உச்சத்தில் இருந்தபோது அந்த ஒன்று இரண்டை நெருங்கியது, அவ்வளவுதான்.

சிதைவைப் பற்றிய கேள்விக்கு மட்டும் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் கார்பன் என்றாலே ஆதிச்சநல்லூரையும் கீழடியையும் நினைத்துக்கொள்கிறோம். அங்கே சிதைவுதான் கடிகாரம். இங்கே அப்படி இல்லை. கார்பன்-14 பாதியாகக் குறைய ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் ஆகும், ஆகவே அறுபது ஆண்டுகளில் அதில் நூற்றில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. நாம் பார்ப்பது காற்றில் அது எவ்வளவு இருந்தது என்பதைத்தான். 1955 முதல் 1963 வரை வெட்டவெளியில் நடந்த சோதனைகளால் அந்த அளவு கிடுகிடுவென ஏறியது. 1963இல் பகுதித் தடை ஒப்பந்தம் வந்தபின், கடலும் தாவரங்களும் அந்தக் கார்பனை உள்வாங்கிக்கொள்ள, அளவு மெல்ல மெல்ல இறங்கியது. செடி காற்றிலிருந்து எடுப்பதை நாம் உணவாக உண்கிறோம், உணவிலிருந்து அது எனாமலுக்குப் போகிறது. எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் அதில் பல ஆண்டுகளின் கார்பன் கலந்துவிடும். எனாமலோ ஒரு முறை உருவானபின் மாறுவதே இல்லை. அதன் எடையில் கார்பன் 0.4 சதவீதம்தான் என்றாலும், அணுக்களைத் தனித்தனியே எண்ணும் முடுக்கிக் கருவிக்கு அதுவே போதும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கோபமாகவே வருகிறேன். ஒரே ஒரு பல் போதும் என்று வகுப்பறையில் சொல்லப்பட்டதை நீங்கள் அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். எந்தப் பல் என்று கேட்டீர்களா? ஆய்வகம் தருவது பிறந்த ஆண்டை அல்ல. எனாமல் உருவான காலத்தின் கார்பன் அளவை. முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் ஏறத்தாழ மூன்று வயதில் முடிந்துவிடும், இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு ஏழு எட்டு வயதாகும், ஞானப்பல்லுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினாறு வரைகூட ஆகும். பல்லின் பெயர் தெரியாவிட்டால் எத்தனை ஆண்டுகளைக் கழிப்பீர்கள்?

நான் பல் மருத்துவம் படித்த காலத்தில் எங்கள் உடற்கூற்றியல் ஆசிரியர் பிடுங்கிய பற்களை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, மேல் தாடையா கீழ் தாடையா, இடமா வலமா என்று விரலாலேயே சொல்ல வேண்டும். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு வேர், மேலுள்ளதற்கு மூன்று. முதல் கடைவாய்ப்பல்லில் வேர்கள் அகன்று நிற்கும், இரண்டாவதில் நெருங்கி வரும், ஞானப்பல்லில் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சற்று வளைந்துபோகும். தவறாகச் சொன்னால் திட்டமாட்டார். அதே பல்லை மறுபடியும் கையில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். அந்த மனிதரின் பொறுமையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஏனென்றால், பிற்காலத்தில் கருத்துக் கேட்டு என்னிடம் வந்த ஒரு காகிதப் பொட்டலத்தில் நான்கு பற்கள் ஒன்றாகக் குலுங்கின, மேலே ‘பற்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தது. தாடையிலிருந்து எடுத்தவருக்கு எது எங்கே இருந்தது என்று தெரிந்திருந்தது. எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்காது. இரண்டு பற்களின் வேர்கள் உடைந்துபோயிருந்ததால், எனக்கு அதைத் திரும்பக் கண்டுபிடிக்கப் பாதி நாள் ஆனது.

பல்லின் பெயர் தெரிந்தாலும் ஒரு பல் போதாது என்பதற்குக் காரணம், காற்றிலிருந்த கார்பன்-14 அளவை ஆண்டுவாரியாகக் காட்டும் வளைகோடு ஏறி இறங்குவதுதான். ஒரே அளவு ஏறும் பக்கத்தில் ஒரு முறையும், இறங்கும் பக்கத்தில் ஒரு முறையும் வரும். வடகோளத்தில் வளர்ந்த ஒருவரின் முதல் கடைவாய்ப்பல்லில் இயல்பைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கார்பன்-14 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எனாமல் 1959 வாக்கில் உருவாகியிருக்கலாம், 1981 வாக்கிலும் உருவாகியிருக்கலாம். மூன்றைக் கழித்தால் பிறந்த ஆண்டு 1956 அல்லது 1978. காணாமல் போனவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டிருக்கும் காவல் அதிகாரிக்கு இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியால் என்ன பயன்? இப்போது அதே தாடையின் இரண்டாம் கடைவாய்ப்பல்லை எடுங்கள். 1956இல் பிறந்தவர் என்றால் அந்த எனாமல் 1963, 64இல் முடிந்திருக்கும், ஆகவே அளவு முதல் பல்லைவிட வெகுவாக ஏறி இரு மடங்கை நெருங்கியிருக்கும். 1978இல் பிறந்தவர் என்றால் அது 1985 வாக்கில் முடிந்து, முதல் பல்லைவிடச் சற்றுக் குறைந்தே இருக்கும். பிந்தி உருவான பல்லில் அளவு கூடியதா குறைந்ததா என்ற ஒன்றே வழக்கைத் தீர்த்துவிடும். 2005இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் இந்த முறையை வெளியிட்டபோது சொன்ன துல்லியம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. வளர்ந்தவர்களின் எலும்பையும் பல் தேய்வையும் கண்ணால் பார்த்துச் சொல்வதில் ஐந்து முதல் பத்து ஆண்டுவரை பிசகும்.

கனடாவின் வடபகுதியில் 1968இல் ஓர் ஆற்றங்கரையில் ஒரு குழந்தையின் மண்டையோடு கிடைத்தது. 2005இல்தான் வழக்கை மீண்டும் திறந்தார்கள். சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் எலும்பையும் பல் வளர்ச்சியையும் பார்த்து, இறந்தபோது வயது ஏறத்தாழ நாலரை, ஓராண்டு முன்பின் இருக்கலாம் என்றார்கள். அது இறந்த வயதுதான். எந்த ஆண்டில் வாழ்ந்த குழந்தை என்பதை எலும்பு சொல்லவில்லை. இரண்டு பற்களின் எனாமல் 1958க்கும் 1962க்கும் இடையில் பிறந்த குழந்தை என்று சொன்னது. மண்டையோடு 1968இலேயே கைக்கு வந்துவிட்டதால், எழுபது எண்பதுகளின் இறங்கும் பக்கத்துக்கு இங்கே இடமே இல்லை. டிஎன்ஏ ஆண் குழந்தை என்றது. பிறகு, காணாமல் போனதாகக் கருதப்பட்ட ஒரு சிறுவனின் தாய்வழி உறவினர் ஒருவருடைய மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ இதனோடு பொருந்தியது. மண்டையோடு கிடைத்து நாற்பத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு, சட்டப்படி அந்தக் குழந்தைக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. கார்பன் பெயரைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். யாரிடம் போய்க் கேட்பது என்ற வட்டத்தை அது சுருக்கியது. பெயரைத் தந்தது, உயிரோடிருந்த ஓர் உறவினரின் டிஎன்ஏ.

1940களின் தொடக்கத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு எல்லாப் பற்களும் சோதனைகளுக்கு முன்பே முடிந்துவிட்டதால், இந்த முறை ‘அதற்கு முன்’ என்பதற்குமேல் எதையும் சொல்லாது. அண்மையில் பிறந்தவர்களிடத்தில் வேறு சிக்கல்: கோடு தட்டையாகிவிட்டது, நிலக்கரி, பெட்ரோலின் புகையிலுள்ள கார்பன்-14 இல்லாத கார்பன் காற்றின் அளவைப் பழைய நிலைக்கே இறக்கிவிட்டது. பல்லில் அடைத்த பிசினும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான், அதில் ஒரு துணுக்கு தப்பினாலும் அளவு குறைவாகக் காட்டும். எனாமலின் உட்புறம் ஒட்டியிருக்கும் டென்டினையும் முற்றாக நீக்க வேண்டும்.

நீங்கள் பிணவறையில் பயிற்சிக்குப் போகும்போது, பல்லைத் தாடையிலிருந்து எடுப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். அடைப்பில்லாத, சொத்தை விழாத பல்லாக இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று முதல் கடைவாய்ப்பல்லாகவும் மற்றொன்று பிந்தி உருவாகும் பல்லாகவும் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டு, எந்தத் தாடை, எந்தப் பக்கம், எத்தனையாவது பல் என்று உறையின் மேல் எழுதுங்கள்.