குழுவில் கேட்டார்கள், பெயர் போட்டு எழுதலாமா?

“ஐயா, எங்கள் ஊர்ப் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் 140 பேர் இருக்கிறோம். புதிதாகக் குடிவந்த ஒருவர், நம்பிக்கையான குழந்தை டொக்டரும் சாதாரண தரத்துக்குக் கணித ரியூசன் சேரும் கேட்டார். நான் எழுதி வைத்திருப்பது: ‘இந்த டொக்டரிடம் போயிடாதீங்க. கண்ணை மூடிக்கொண்டு மருந்து எழுதுவார். என்ர மகனைச் சாகடிக்கப் பார்த்தவர். அந்தக் கணித சேர் காசு ஏமாத்துறவர், பொம்பிளப் பிள்ளைகளிட்டயும் சரியில்லையாம்.’ காய்ச்சல் தொடங்கிய அன்றே மகனைக் காட்டினோம். அன்ரிபயோட்டிக் தந்தார், இரத்தம் சோதிக்கவில்லை. நாலாம் நாள் பெரியாஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். ரியூசன் சேர் மூன்று மாதக் காசை முன்கூட்டியே வாங்கி, ஐந்து வகுப்போடு நிறுத்திவிட்டார். பெயர் போட்டு அனுப்பலாமா? உண்மையைத்தானே சொல்கிறேன்.”
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

இன்னும் அனுப்பாமல் என்னிடம் கேட்டீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. பெயர் போட்டு எழுதலாம். ஆனால் நீங்கள் எழுதி வைத்திருப்பதை அப்படியே அனுப்ப வேண்டாம்.

அவதூறுக்காகப் பொலிஸ் வந்து பிடிக்கும் காலம் 2002இல் முடிந்துவிட்டது. தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த அந்தக் குற்றத்தை அப்போது நீக்கிவிட்டார்கள். (2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு கதை. பொய் என்று தெரிந்துகொண்டே எழுதுபவரும் ஒருவரைத் துன்புறுத்தவே எழுதுபவரும் அதற்குப் பயப்பட வேண்டும்.) உங்களுக்கு வரக்கூடியது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. அதை நடத்துவது நம்முடைய பழைய ரோமன் டச்சுச் சட்டம்.

அந்தச் சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, அதைச் சொன்னதில் பொது நன்மை இருந்தது என்றும் காட்ட வேண்டும். உங்கள் விடயத்தில் இந்த இரண்டாவது சுலபம். பிள்ளைக்கு டொக்டர் தேடும் ஒருவர் கேட்கிறார், அதே ஊரில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு நீங்கள் சொல்கிறீர்கள். கேட்டவருக்குத் தெரிந்துகொள்ளத் தேவை இருக்க, நல்லெண்ணத்தோடு பதில் சொல்பவருக்குச் சட்டம் ஒரு தனிப் பாதுகாப்பும் தருகிறது. ‘இந்த ஆளை வேலைக்கு எடுக்கலாமா?’ என்று கேட்பவருக்குப் பழைய முதலாளி பதில் சொல்வது போன்றதுதான் இதுவும். ஆனால் வன்மம் தெரிந்தால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். கேட்காதவர்களிடமும் போய்ச் சொன்னால் அதுவும் பலவீனப்படும்.

என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் மாட்டினார். கேட்ட குழுவில் அவர் எழுதியதில் பெரிய பிழை இல்லை. கோபம் அடங்காமல் இரண்டு நாள் கழித்து அதையே கோயில் திருவிழாக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் போட்டார். அங்கே யாரும் டொக்டர் கேட்கவில்லை. மறுதரப்புச் சட்டத்தரணியின் கடிதம் அந்த இரண்டையும்தான் தூக்கிப் பிடித்தது.

சரி, இனி உங்கள் வரிகளுக்கு வருவோம்.

‘என்ர மகனைச் சாகடிக்கப் பார்த்தவர்.’ இதை உங்களால் நிரூபிக்க முடியாது, நீங்களும் மனதார அப்படி நினைக்கவில்லை. ‘கண்ணை மூடிக்கொண்டு மருந்து எழுதுவார்’ என்பதிலும் அதே சிக்கல், ஒரு முறை நடந்ததை அவருடைய வழக்கம் என்கிறீர்கள். இரத்தப் பரிசோதனை விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டெங்குக் காய்ச்சலின் முதல் நாளில் முழு இரத்த எண்ணிக்கை எடுத்தாலும் பிளேட்லட் சரியாகவே இருக்கலாம், அது இறங்குவது பிறகுதான். அதனால் முதல் நாள் சோதிக்காததை அவருடைய தவறு என்று நீங்கள் எழுதினால், அவர் பக்கம் ஒரு நிபுணர் வந்து அதை ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார். நடந்ததை மட்டும் எழுதினால் உடைக்க எதுவும் இல்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘போன யூனில் மகனுக்குக் காய்ச்சல் தொடங்கிய அன்று இவரிடம் காட்டினோம். அன்ரிபயோட்டிக் தந்தார், இரத்தப் பரிசோதனை சொல்லவில்லை. நாலாம் நாள் பெரியாஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். எங்களுக்குத் திருப்தி இல்லை, இப்போது வேறு இடத்தில் காட்டுகிறோம். நாங்கள் இவரிடம் போனது ஒரு தடவைதான்.’

மாதத்தை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காய்ச்சல் விடாவிட்டால் எத்தனையாம் நாள் திரும்பி வரவேண்டும் என்று அவர் சொல்லவில்லையென்றால் அதையும் சேருங்கள், கேட்டவருக்கு அதுதான் உண்மையில் பயன்படும். ஆனால் நன்றாக நினைவுபடுத்திப் பாருங்கள், துண்டில் எழுதித் தந்திருக்கக்கூடும். அந்த மருந்துத் துண்டையும் ஆஸ்பத்திரி டிக்கட்டையும் எறிய வேண்டாம். ‘திருப்தி இல்லை’ என்பது உங்கள் கருத்து. மேலே உள்ள உண்மைகளின்மேல் நிற்பதால் நியாயமான கருத்து என்று அதைக் காக்கலாம்.

கடைசி வரியை விடாதீர்கள். ஒரு தடவைதான் போனோம் என்று நீங்களே சொல்லும்போது வன்மம் என்று யாரும் சொல்வது கஷ்டம். உங்களுக்கும் அவருக்கும் காசுப் பிரச்சினையோ காணிச் சண்டையோ இருந்தால் அதையும் முன்னுக்கே சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்தால் அதுதான் வழக்கில் உங்களுக்கு எதிராக வரும். நல்லவர் என்று ஒருவரைச் சிபாரிசு செய்யும்போதும், அவர் உங்கள் மச்சான் என்றால் மச்சான் என்று சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சையில் உண்மையிலேயே தவறு நடந்தது என்று நம்பினால் அதற்கு இடம் இலங்கை மருத்துவ சபை. பத்திரங்களோடு எழுத்தில் முறையிடலாம். கேட்டவரும் யாரிடம் போவதற்கு முன்னும் டொக்டரின் பெயர் அங்கே பதிவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ரியூசன் சேருக்கு வருவோம். ‘ஏமாத்துறவர்’ என்பது ஒருவர்மேல் குற்றம் சுமத்தும் சொல். வாங்கும்போதே படிப்பிக்காமல் விடும் எண்ணம் அவருக்கு இருந்தது என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? அவருக்குச் சுகமில்லாமல் போயிருக்கலாம், காசைத் திருப்பித் தர நினைத்திருக்கலாம். ‘மூன்று மாதக் காசை முன்னுக்கே கொடுத்தோம், ஐந்து வகுப்பு நடந்தது, மீதிக் காசு இன்னும் வரவில்லை’ என்று எழுதுங்கள். படிப்பவருக்குப் புரிய வேண்டியது அதிலேயே புரியும். அதற்கு முன் அவரிடம் ஒரு தடவை எழுத்தில் கேளுங்கள், காசு திரும்பி வந்துவிட்டால் அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

‘சரியில்லையாம்’ என்ற அந்த ஒரு சொல்தான் எனக்கு அதிகம் பயம் தருகிறது. ‘ஆம்’ போட்டு எழுதினால் தப்பிக்கலாம் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. தப்ப முடியாது. கேள்விப்பட்டதைத் திருப்பிச் சொல்பவரும் தானே சொன்னவர் போலத்தான் பொறுப்பாவார். கதை பொய் என்றால் ஒரு மனிதனின் தொழிலும் குடும்பமும் போய்விடும். உண்மையென்றால் இன்னும் மோசம். அவர் எச்சரிக்கையாகிவிடுவார், ‘எந்த வகுப்பு, யாருடைய மகள்’ என்று 140 பேரும் தேடத் தொடங்குவார்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டி எழுதுவதே தனிக் குற்றம். அதனால் இந்த வரியைக் குழுவில் எங்கேயும் போடாதீர்கள். உங்களுக்குச் சொன்னவரிடம் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். பிள்ளையொன்று பாதிக்கப்பட்டதாகச் சந்தேகம் இருந்தால் 1929க்கு அழைத்துத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்குச் சொல்லுங்கள், அல்லது பொலிஸில் சிறுவர் பெண்கள் பிரிவுக்குப் போங்கள். புதிதாக வந்தவரிடம், ‘பொம்பிளப் பிள்ளையை அனுப்புவதென்றால் எந்த வகுப்புக்கும் கூடவே போய் ஒரு தடவை பாருங்கள்’ என்று சொன்னால் போதும்.

முடிந்தால் டொக்டர் பற்றியதையும் கேட்டவருடைய தனி எண்ணுக்கே அனுப்புங்கள். குழுவில் போட்டால் யாராவது ஒருவர் வேறு எங்கோ தள்ளிவிடுவார், அப்படி நடக்கும் என்று தெரிந்தே போட்டீர்கள் என்ற வாதம் வரும்.

இத்தனைக்குப் பிறகும் கடிதம் வந்தால், அது வழக்கு அல்ல, நட்டஈடு கேட்கும் கடிதம் மட்டுமே. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது அவர்களுக்கான கெடு. போனில் சண்டை பிடிக்காமல், போட்ட செய்தியை அழிக்காமல், கடிதத்தையும் மருந்துத் துண்டையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.