மறுபடியும் வரச் சொன்னால்

அன்புள்ள அக்கா,
எனக்கு வயது 52. மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் மேமோகிராம் படம் எடுக்க வரச் சொல்லிக் கடிதம் வந்து மூன்று மாதமாக இழுப்பறையில் கிடக்கிறது. என் நாத்தனார் போன ஆண்டு படம் எடுத்துக்கொண்டார். மறுபடியும் வரச் சொன்னார்கள். இரண்டு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒன்றுமில்லையாம். இப்படிப் பயமுறுத்தும் சோதனைக்கு நான் ஏன் போக வேண்டும்?
- வாசகி, ஈசூன்

அன்புள்ள வாசகிக்கு,

அந்த இரண்டு வாரம் எனக்கும் தெரியும். முதல் படத்தில் என் அக்குளருகே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். மறுபடி போனபோது, பவுடர் போட்டிருந்தீர்களா என்று படமெடுக்கும் பெண் கேட்டார். போட்டிருந்தேன், நம் வீட்டில் யார் போடாமல் வெளியே கிளம்புவார்கள்? மார்புக்குள் படியும் சுண்ணாம்புத் துகள் போலவே பவுடரும் படத்தில் விழும். அன்று துடைத்துவிட்டு எடுத்த படத்தில் புள்ளிகள் இல்லை.

பெரும்பாலும் காரணம் பவுடர் அல்ல. மார்பை இரண்டு தகடுகளுக்கிடையே அழுத்தி எடுக்கும்போது, ஒன்றன்மேல் ஒன்று படிந்த திசு கட்டிபோலத் தெரியும். முதல்முறை போகிறவருக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படமும் இருக்காது. ஆகவே அந்த இடத்தை மட்டும் அழுத்தி இன்னொரு படம் எடுப்பார்கள், அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள். பலருக்கு அதோடு முடிந்துவிடும். சிலருக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுத் துளி திசு எடுப்பார்கள்.

ஆயிரம் பேர் போனால் எண்பது, நூறு பேர்வரை மறுபடி அழைக்கப்படலாம். 1994இல் சிங்கப்பூரில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில் ஏறத்தாழ 28,000 பெண்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆயிரத்துக்கு ஐந்து பேர் அளவில் புற்றுநோய் இருந்தது. அந்த ஐவரைக் கண்டுபிடிக்க மற்றவர்களும் பயப்பட வேண்டியிருக்கிறது. இது நியாயமான விலையா என்று கேட்டால், எனக்கு நியாயம்தான். விரலுக்குத் தட்டுப்படாத கட்டியைப் பிடிப்பதுதான் இதன் வேலை. சிறிதாக இருக்கும்போதே பிடித்தால் சிகிச்சையும் இலகுவாகும், பிழைக்கும் வாய்ப்பும் கூடும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆயுளுக்கும் தொல்லை தராமலே இருந்திருக்கக்கூடிய சில ஆரம்பநிலை மாற்றங்களும் படத்தில் அகப்படும். எது அப்படிப்பட்டது என்று இன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, அதனால் அவற்றுக்கும் சிகிச்சை நடக்கும். படம் சிலவற்றைத் தவறவும் விடும், அடர்த்தியான மார்பில் இன்னும் கூடுதலாக. படம் நன்றாக வந்த ஆறாம் மாதம் கட்டி தட்டுப்பட்டால், இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்காதீர்கள், நேரே மருத்துவரிடம் போங்கள். இப்போதே கட்டியோ காம்பில் கசிவோ இருந்தாலும் அப்படித்தான். இந்தச் சோதனை அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கானது.

போவதென்று முடிவு செய்தால், மாதவிடாய் நிற்கவில்லையென்றால் அது முடிந்த வாரத்தில் நாள் கேளுங்கள், அழுத்தும்போது வலி குறையும். உங்கள் நாத்தனாரிடம், போன ஆண்டு எங்கே படம் எடுத்தார் என்பதை அடுத்த முறை மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஒப்பிட அவருக்கு இனிப் பழைய படம் இருக்கிறது.