அப்ரைசல் படிவத்தில் ஆங்கிலத்தின் 3 தமிழிலும் 3ஆகவே இருக்க

*எங்கள் நிறுவனத்துக்குப் புனேயிலும் ஓசூரிலும் ஆலை இருக்கிறது. புனேயில் அப்ரைசல் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஓசூர் சூப்பர்வைசர்களுக்காகப் படிவத்தையும் பணி விவரத்தையும் தமிழில் போட்டோம். இப்போது ஓசூரில் பெரும்பாலோருக்கு 4, புனேயில் 3. மொழிபெயர்ப்பில் தவறா, இல்லை சூப்பர்வைசர்கள் தாராளமாகப் போடுகிறார்களா? எப்படிக் கண்டுபிடிப்பது? – எச்.ஆர். அலுவலர், ஓசூர்*

முதலில், உங்கள் தமிழ்ப் படிவத்தில் 3-க்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘திருப்திகரம்’ என்று இருந்தால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்றால் வேலைக்கு வேண்டியதையெல்லாம் குறையில்லாமல் செய்கிறவர் என்று பொருள். தமிழில் ‘திருப்திகரம்’ பள்ளி முன்னேற்ற அறிக்கையில் சுமாரான பிள்ளைக்குப் போடுகிற சொல்லாகவே மனதில் பதிந்திருக்கிறது. போதாததற்கு 3 என்பதை ஐந்துக்கு மூன்று மதிப்பெண் என்றுதான் படிப்பார்கள். ஒழுங்காக வேலை செய்கிறவருக்கு அதைப் போட எந்த சூப்பர்வைசருக்கும் கை வராது.

ஒரு தொழிற்சாலைக்கு நானே இந்தச் சொல்லைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு சூப்பர்வைசர் நேராகவே கேட்டார்: “நல்லா வேலை செய்யிற ஆளுக்கு திருப்திகரம்னு எழுதினா அவன் என் முகத்துல முழிப்பானா சார்?” அவர் 4 போட்டதற்குக் காரணம் தாராள மனசு இல்லை, நான் எழுதிய சொல்.

அடுத்த படியான 2-இலும் இதே கதைதான். ‘முன்னேற்றம் தேவை’ என்று எழுதினால் அதை அன்பான அறிவுரையாக எடுத்துக்கொள்வார்கள். யாருக்குத்தான் முன்னேற்றம் தேவையில்லை? ஆனால் மூலத்தில் அது வேலைக்கு வேண்டிய அளவை எட்டாதவருக்கான நிலை. எனவே பாராட்டுச் சொற்களையும் பள்ளிக்கூடச் சொற்களையும் விட்டுவிட்டு, ஐந்து நிலைகளையும் ஒரே அளவுகோலை வைத்துச் சொல்லிவிடுவது நல்லது. நான் இப்போது எழுதுவது இப்படி:

நிலை 1: வேலைக்கு வேண்டிய அளவைப் பெரும்பாலும் எட்டவில்லை
நிலை 2: சிலவற்றில் வேண்டிய அளவை எட்டவில்லை
நிலை 3: வேண்டியதை முழுமையாகச் செய்கிறார்
நிலை 4: சிலவற்றில் வேண்டியதற்கு மேலும் செய்கிறார்
நிலை 5: பெரும்பாலானவற்றில் வேண்டியதற்கு மேலும் செய்கிறார்

‘முழுமையாக’ என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். 3 குறைவான நிலை இல்லை என்று சொல்வது அந்த ஒரு சொல்தான். ‘மதிப்பெண்’ என்பதற்குப் பதில் ‘நிலை’ என்று அச்சடியுங்கள். எண்களும் அவற்றின் வரிசையும் புனே படிவத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.

இனித் தகுதிகளின் பெயர்கள். புனே படிவத்தில் ‘ரெஸ்பான்ஸிபிலிட்டி’, ‘அக்கவுண்டபிலிட்டி’, ‘ஓனர்ஷிப்’ ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்கும் என்று நினைக்கிறேன். தமிழில் எல்லாமே ‘பொறுப்பு’ என்று வந்து நிற்கும். தனித்தனியாக அளக்க வேண்டிய இரண்டுக்கும் சூப்பர்வைசர் ஒரே எண்ணைப் போடுவார், அவருக்கு அவை ஒரே கேள்விதான். அகராதியைப் பார்த்து ஓனர்ஷிப்பை ‘உரிமை’ என்று போட்டவர்களும் உண்டு. ‘வேலையில் உரிமை எடுத்துக்கொள்கிறார்’ என்றால் நம் ஊரில் அத்துமீறுகிறார் என்றுதான் படிப்பார்கள்.

இதற்கு அகராதி உதவாது. மூலப் படிவத்தை எழுதியவரிடம், “இந்தத் தகுதி உள்ளவர் ஷாப் ஃப்ளோரில் என்ன செய்வார்? இல்லாதவர் என்ன செய்வார்?” என்று கேளுங்கள். ஓனர்ஷிப் என்பதற்கு, “பழுது வேறு பிரிவில் இருந்தாலும் அது சரியாகும் வரை விடமாட்டார்” என்று பதில் வந்தால், தமிழில் ‘முடியும் வரை விடாமல் பார்த்தல்’ என்று தலைப்பிடலாம். அக்கவுண்டபிலிட்டிக்கு, “இலக்கு தவறினால் அடுத்தவர் மேல் பழி போடமாட்டார்” என்று வந்தால் ‘விளைவுக்குப் பொறுப்பேற்றல்’. அவரால் இரண்டுக்கும் வேறுபாடு சொல்ல முடியவில்லையென்றால் குறை ஆங்கிலப் படிவத்தில் இருக்கிறது. அப்போது அதையும் திருத்தச் சொல்லுங்கள். தமிழை மட்டும் சரிக்கட்டினால் ஒப்பிட முடியாமல்தான் போகும்.

தலைப்புக்குக் கீழே வரும் வாக்கியங்களிலும் இதே கவனம் வேண்டும். மேலதிகாரி துணையின்றிச் செய்கிறார் என்ற பாராட்டை ‘மேற்பார்வை இல்லாமல் வேலை செய்கிறார்’ என்று எழுதினால், ஆளில்லாத நேரத்தில் ஏதோ செய்கிறார் என்று தொனிக்கும். ‘யாரும் சொல்லித் தராமல் தானே செய்து முடிக்கிறார்’ என்றால் சரி. ஊழியர் தாமே நிரப்பும் படிவம் இருந்தால் ‘முடிக்கிறார்’ என்பது ‘முடிக்கிறேன்’ ஆகட்டும். வேறு எதையும் மாற்றாதீர்கள்.

பணி விவரத்தைப் படிவத்துக்கு முன்பே மொழிபெயர்த்துவிடுங்கள், ஏனென்றால் ‘வேண்டிய அளவு’ எது என்பது அதில்தான் இருக்கிறது. அங்கே வினைச்சொற்களைக் கவனியுங்கள். உதவுவது, செய்வது, பிறர் செய்கிறார்களா என்று பார்ப்பது, ஒப்புதல் தருவது ஆகிய நான்கும் நான்கு அளவு அதிகாரம். ‘கவனித்துக்கொள்ளுதல்’ என்று மழுப்பினால் நான்கும் கலந்துவிடும். ஒரு ஆங்கில வினைக்கு ஒரு தமிழ் வினை என்று ஒரு பக்கத்தில் பட்டியல் போட்டு, இரண்டு ஆவணங்களிலும் அதையே பயன்படுத்துங்கள்.

அப்புறம் சோதனை. தமிழை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ‘திருப்திகரம்’ திரும்பும்போது ‘சாட்டிஸ்ஃபாக்டரி’ என்று வரும். யாருக்கும் சந்தேகம் வராது. நான் செய்வது வேறு. கற்பனை ஊழியர்கள் மூன்று பேரைப் பற்றிச் சில வரிகள் எழுதுவேன். ஒருவர் இப்படி: “லேத் ஆபரேட்டர். ஷிப்டுக்கு இலக்கு 120 துண்டு. தினமும் 118 முதல் 122 வரை முடிக்கிறார், மாதச் சராசரி 120. ஸ்க்ராப் அனுமதித்த அளவுக்குள். கூடுதலாக எதையும் தானாக எடுத்துச் செய்வதில்லை.” இவருக்கு 3 வர வேண்டும். இரண்டு மொழியும் படிக்கிற பத்துப் பன்னிரண்டு சூப்பர்வைசர்களில் பாதிப் பேர் ஆங்கிலப் படிவத்திலும் பாதிப் பேர் தமிழிலும் மதிப்பிடட்டும். இரண்டு வாரம் கழித்துப் படிவத்தை மாற்றிக் கொடுங்கள்.

அவரவர் போட்ட இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாத் தகுதியிலும் தமிழ் எண் ஒரு படி ஏறியிருந்தால் நிலைகளின் பெயரில் கோளாறு. ஒரே ஒரு தகுதியில் மட்டும் ஏறி இறங்கினால் அந்த வாக்கியத்தில் கோளாறு. இரண்டு மொழியிலும் ஒரே எண், ஆனால் அது 4 என்றால், உங்கள் சந்தேகம் சரி: தாராளம்தான். அதற்கு மருந்து சூப்பர்வைசர்களுக்கான பயிற்சி, மொழிபெயர்ப்பை எத்தனை முறை திருத்தினாலும் அது சரியாகாது.

இந்தச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. ஆங்கிலம் தெரிந்தவர் தமிழ்ப் படிவத்தையும் ஆங்கிலப் பொருளோடுதான் படிப்பார். அதனால் தமிழ் மட்டும் படிக்கிற நாலைந்து பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துவிட்டு அவர்களுக்கு என்ன புரிகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். ‘உரிமை’ போன்ற விபத்துகள் அங்கேதான் பிடிபடும்.

ஏற்கெனவே போட்ட 4-களிலிருந்து ஒன்றைக் கழித்துப் புனேயோடு சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் எது சொல்லின் விளைவு, எது உண்மையான உழைப்பு என்று இப்போது பிரிக்க முடியாது. பாதிக்கப்படுவது ஒருவரின் இன்க்ரிமெண்ட். இந்த ஆண்டு ஓசூர் ஊழியர்களை ஓசூருக்குள்ளேயே ஒப்பிடுங்கள். திருத்திய படிவத்தின் மூலையில் பதிப்பு எண்ணையும் தேதியையும் அச்சடித்து, அடுத்த சுற்றிலிருந்து புனேயோடு ஒப்பிடுங்கள்.